ஆறரை ஆண்டு ஃப்ரீலான்ஸ் வேலையை ஒரு ரெஸ்யூமேவாக மாற்றியது: ஒரு வெப் டெவலப்பரின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர் 2018 மார்ச் முதல் தனியாக வெப் டெவலப்மென்ட் செய்தவர். 2024 செப்டம்பர் வாக்கில் முழுநேர ஃப்ரண்ட் எண்ட் வேலை தேடத் தொடங்கினார். அவரை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். டெவலப்பர் வேலைக்கு வரும் ரெஸ்யூமேக்களைப் படித்து, யாரை இன்டர்வியூவுக்கு அழைப்பது என்று முடிவு செய்யும் பக்கத்தில் இருப்பவன் நான். அதனால் அவர் தன் ரெஸ்யூமேவை என்னிடம் காட்டினார். வேலை தெரிந்தவர், இடைவிடாமல் கிளையன்ட் வைத்திருந்தவர். ஆனாலும் அனுப்பிய இடங்களிலிருந்து அழைப்பே இல்லை.

முதல் ரெஸ்யூமே இப்படி இருந்தது. மேலே பெயர், அதன் கீழ் “நிறுவனர் மற்றும் தலைமை டெவலப்பர்” என்ற பதவி, அவரே வைத்த ஒரு ஸ்டூடியோ பெயர். அடுத்து முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்நுட்பங்களின் பட்டியல். பிறகு இரண்டு பக்கங்களுக்கு 27 கிளையன்ட்களின் பெயர்களும் தள முகவரிகளும், பெரும்பாலானவற்றுக்கு ஒரே வகை வரி: “ரெஸ்பான்சிவ் தளம் வடிவமைத்து உருவாக்கினேன்.” எந்தக் கிளையன்டுக்கும் தேதி இல்லை. 27 முகவரிகளையும் திறந்து பார்த்தோம். ஒன்பது வேலை செய்யவில்லை. மூன்று தளங்களை வேறு யாரோ முழுவதுமாக மாற்றிக் கட்டிவிட்டார்கள்.

இதைப் படிப்பவருக்கு எழும் கேள்விகள் வேறு. இவர் உண்மையிலேயே தொடர்ந்து வேலை செய்தாரா, அல்லது வேலை இல்லாத காலத்துக்கு ஃப்ரீலான்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறாரா? வேறொருவர் எழுதிய கோடில் வேலை செய்திருக்கிறாரா? தன் கோடை இன்னொருவர் பார்த்துத் திருத்தச் சொன்னால் ஏற்றுக்கொள்வாரா? சேர்ந்த நான்காம் மாதம் நல்ல கிளையன்ட் கிடைத்ததும் போய்விடுவாரா? 27 தளங்களின் பட்டியல் இதில் ஒன்றுக்குக்கூடப் பதில் சொல்லவில்லை. “நிறுவனர்” என்ற சொல் கடைசிக் கேள்வியை இன்னும் கூர்மையாக்கியது. ஆள் வைத்து நிறுவனம் நடத்தியவருக்கு அந்தப் பதவி பொருந்தும். தனியாக வேலை செய்தவர் அப்படிப் போட்டுக்கொண்டால், ஊழியராக இருக்க மனமில்லாதவர் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

முதலில் கணக்கு, அப்புறம் எழுத்து

ரெஸ்யூமேவைத் திருத்துவதற்கு முன் ஒரு அட்டவணை போடச் சொன்னேன். ஒவ்வொரு கிளையன்டுக்கும் ஒரு வரிசை: எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடிந்தது, என்ன கேட்டார்கள், இவர் என்ன செய்தார், அதற்குப் பிறகு என்ன மாறியது, இதற்கு யார் சாட்சி சொல்வார், பெயரைச் சொல்ல அனுமதி உண்டா. மாதங்களை நினைவிலிருந்து எழுதினால் தவறிவிடும். இவரும் அப்படித்தான், ஒரு வேலை ஓராண்டு நடந்ததாக நினைத்திருந்தார், இன்வாய்ஸ்களை எடுத்துப் பார்த்தால் எட்டு மாதம்தான்.

இன்வாய்ஸ் தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. வேலை முடிந்த பிறகுதான் இன்வாய்ஸ் போகும், ஆகவே தொடக்க மாதத்தை அது உண்மையைவிடத் தாமதமாகக் காட்டும். ஒப்பந்தத்தின் தேதி, வேலையை உறுதி செய்த மின்னஞ்சல், கோட் ரெபாசிட்டரியின் வரலாறு ஆகிய மூன்றும் அதைவிட நம்பகமானவை. ரெபாசிட்டரியின் நகல் கணினியில் இருந்தால், மாதவாரியாக எத்தனை கமிட் செய்தோம் என்பதை ஒரே வரியில் பார்க்கலாம்:

```
git log --author="name" --format=%as | cut -c1-7 | sort | uniq -c
```

கமிட்களை ஒன்றாகச் சுருக்கி இன்னொருவர் பெயரில் இணைக்கும் வழக்கம் உள்ள டீமில் இந்த எண்ணிக்கை குறைவாகத்தான் தெரியும். அதனால் எண்ணிக்கையை விட்டுவிட்டு, எந்தெந்த மாதங்களில் வேலை நடந்தது என்பதற்கு மட்டும் இதைப் பயன்படுத்தினோம்.

அட்டவணை முடிந்ததும் இவரே எதிர்பார்க்காத ஒரு படம் கிடைத்தது. 27 பேரில் 22 பேர் சிறு வணிகத் தளங்கள், பெரும்பாலும் வேர்ட்பிரஸ், எல்லாம் 2018 மார்ச்சுக்கும் 2020 ஏப்ரலுக்கும் இடையில். அதற்குப் பிறகு இருந்தவர்கள் ஐந்தே பேர். அந்த ஐந்தில் மூன்று பேர் மட்டும், 2020 மே முதல் இவர் பில் போட்ட நேரத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை எடுத்திருந்தார்கள். அந்த மூன்றும் இவர் இப்போது தேடும் வேலையோடு நேரடியாக ஒட்டியவை. பழைய ரெஸ்யூமேவில் அவை 11வது, 19வது, 24வது வரிகளில் கிடந்தன.

ஒரே வேலையாக எழுதுவதா, 27 வேலைகளாக எழுதுவதா

ஒவ்வொரு கிளையன்டையும் தனி வேலையாக, தனித் தேதியோடு எழுதினால், படிப்பவர் கண்ணுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை வேலை மாறுபவராகத் தெரிவார். விண்ணப்பங்களை வாங்கும் மென்பொருளும் நிறுவனம், பதவி, தொடக்கம், முடிவு என்ற நான்கையும் பிரித்தெடுக்கப் பார்க்கும், அதிலும் இதே குழப்பம்தான். மறுபக்கம், “ஃப்ரீலான்ஸர், 2018 முதல் இன்று வரை” என்று ஒரே வரியில் முடித்தால் ஆறரை ஆண்டும் வெற்றிடமாகிவிடும்.

நாங்கள் எடுத்த வழி நடுவில் இருந்தது. மேலே ஒரே வேலை: “ஃப்ரண்ட் எண்ட் டெவலப்பர், சுயதொழில், 2018 மார்ச் – 2024 செப்டம்பர்.” ஸ்டூடியோ பெயரை எடுத்துவிட்டோம். அது எங்கும் பதிவு செய்யப்படாத பெயர், சரிபார்ப்பவர் தேடினால் ஒன்றும் கிடைக்காது. பதிவு செய்த பெயர் இருந்து, இன்வாய்ஸ்களும் அந்தப் பெயரில் போயிருந்தால் அதை வைத்துக்கொள்வதுதான் சரி. பதவியாக, இவர் விண்ணப்பிக்கும் வேலையின் பெயரையே போட்டோம். 2020க்குப் பிறகு இவர் செய்தது அந்த வேலைதான் என்பதால் இதில் பொய் இல்லை. வேர்ட்பிரஸ் மட்டும் செய்த ஒருவர் இப்படி எழுதியிருந்தால் முதல் பத்து நிமிட இன்டர்வியூவிலேயே தெரிந்துவிடும்.

அதன் கீழ் அந்த மூன்று கிளையன்ட்களும், ஒவ்வொருவருக்கும் சொந்தத் தேதியும் மூன்று நான்கு வரிகளும். இரண்டு வேலைகள் ஒரே காலத்தில் ஓடியிருந்தன, தேதிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறினாலும் அப்படியே விட்டோம், ஃப்ரீலான்ஸில் அது இயல்பு. 22 சிறு தளங்களும் கடைசியில் ஒரே வரிக்குள் அடங்கின: “2018–2020: சிறு வணிகங்களுக்கு 22 தளங்கள், பெரும்பாலும் வேர்ட்பிரஸ், தனியாகத் திட்டமிட்டு, கட்டி, ஒப்படைத்தது.” இவருக்கு இது வலித்தது. இரண்டு ஆண்டு உழைப்பு ஒரு வரிக்குப் போய்விட்டதே என்றார். அந்த உழைப்புதான் இவரை உருவாக்கியது என்பது உண்மை. ஆனால் முதலாளிக்குத் தேவையான சான்று அதில் இல்லை, அதனால் இடமும் இல்லை.

ரெஸ்யூமேவோடு நிறுவனங்களின் இணையப் படிவத்தையும் நிரப்ப வேண்டியிருக்கும். “முந்தைய நிறுவனம்” என்ற கட்டத்தில் சுயதொழில் என்றும், ரெஸ்யூமேவில் உள்ள அதே மாதங்களையும் போட வேண்டும். இவர் சில படிவங்களில் பெரிய கிளையன்டின் பெயரையே நிறுவனமாகப் போட்டிருந்தார். கிளையன்டின் ஹெச்.ஆர். பிரிவிடம் கேட்டால் “இப்படி ஒரு ஊழியர் இல்லை” என்றுதான் பதில் வரும். தவறான எண்ணம் எதுவும் இல்லாமல் செய்ததுதான், ஆனால் அங்கேயே விண்ணப்பம் முடிந்துவிடும்.

ஒரு கிளையன்ட், வரி வரியாக

மூன்றில் பெரியது ஒரு பயிற்சி நிறுவனத்தின் மாணவர் போர்ட்டல். 2022 ஜனவரி முதல் மாதாமாதம் நிலையான கட்டணத்துக்கு, அதாவது ரீடெய்னரில், ஓடிய வேலை. பழைய வரி இது: “ரியாக்ட், ரிடக்ஸ், நோட் கொண்டு மாணவர் போர்ட்டல் உருவாக்கினேன். தளம் மிக வேகமானது, கிளையன்ட் மிகவும் மகிழ்ந்தார்.”

முதலில் “உருவாக்கினேன்” என்பதைக் கேட்டேன். விசாரித்தால், போர்ட்டல் ஏற்கெனவே இருந்தது. முந்தைய டெவலப்பர் பாதியில் விட்டுப்போன கோட். இவர் அதை எடுத்து, படித்து, உடைக்காமல், பகுதி பகுதியாக மாற்றினார். புதிதாகக் கட்டியது என்று சொன்னால்தான் பெருமை என்று இவர் நினைத்திருந்தார். முழுநேர வேலைக்கு ஆள் எடுப்பவர் பார்வையில் நிலைமை தலைகீழ். அங்கே சேர்பவர் முதல் நாளிலிருந்து செய்யப்போவது, அடுத்தவர் எழுதிய பழைய கோடில் வேலை செய்வதுதான். இவரிடம் இருந்த சிறந்த சான்றை இவரே மறைத்துவிட்டிருந்தார்.

அடுத்து “மிக வேகமானது”. ஆதாரம் என்ன? மின்னஞ்சலில் தேடியபோது, வேலைக்கு முன்னும் பின்னும் கிளையன்டுக்கு அனுப்பிய, பக்க வேகத்தை அளக்கும் கூகுளின் லைட்ஹவுஸ் கருவியின் அறிக்கைகள் கிடைத்தன. மொபைல் அமைப்பில், பக்கத்தின் மிகப் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ திரையில் தோன்ற எடுத்துக்கொண்ட நேரம், அதாவது எல்.சி.பி., 6.1 விநாடியிலிருந்து 2.3 விநாடிக்கு வந்திருந்தது. 2.5 விநாடிக்குள் என்பதுதான் கூகுள் நல்லது என்று சொல்லும் எல்லை. இங்கே ஒரு கவனம் வேண்டும். கூகுளின் அந்த எல்லை உண்மையான பயனர்களின் வருகைகளில் 75 சதவீதமாவது அதற்குள் வருகிறதா என்று அளப்பது. லைட்ஹவுஸ் தருவதோ ஒரு கணினியில் ஓட்டிய சோதனை அளவு. இரண்டும் ஒன்றல்ல என்று தெரிந்த இன்டர்வியூவர் கட்டாயம் கேட்பார். அதனால் வரியிலேயே “லைட்ஹவுஸ் மொபைல் சோதனையில்” என்று சேர்த்தோம்.

“உதவி கேட்டு வரும் அழைப்புகள் பாதியாகக் குறைந்தன” என்றும் எழுத விரும்பினார். கிளையன்ட் வாய்மொழியாகச் சொன்னது. எழுத்தில் உறுதி செய்து தர முடியுமா என்று கேட்கச் சொன்னேன். வந்த பதில்: குறைந்தவை லாகின், பாஸ்வேர்டு தொடர்பான புகார்கள் மட்டும், எவ்வளவு என்று எண்ணிச் சொல்ல அவர்களிடம் பதிவு இல்லை. ஆகவே பாதி என்ற சொல்லை விட்டுவிட்டோம். முடிவில் எழுதியது இது:

“பயிற்சி நிறுவனத்தின் மாணவர் போர்ட்டல் (ரீடெய்னர், 2022 ஜனவரி – 2024 செப்டம்பர்). முந்தைய டெவலப்பர் விட்டுச்சென்ற ரியாக்ட் கோடை ஏற்றுக்கொண்டு, சேவை நிற்காமல் 14 திரைகளைப் படிப்படியாக மாற்றி எழுதினேன். படங்களைச் சுருக்கி, கோடைப் பக்கவாரியாகப் பிரித்து, முகப்பின் எல்.சி.பி.யை லைட்ஹவுஸ் மொபைல் சோதனையில் 6.1 விநாடியிலிருந்து 2.3 விநாடிக்குக் கொண்டுவந்தேன். லாகின் ஓட்டத்தைத் திருத்தியதில் அது தொடர்பான புகார்கள் குறைந்தன. இரண்டு வாரத்துக்கொரு வெளியீடு, கிளையன்டின் செயல்பாட்டு மேலாளருடன் வாராந்திரத் திட்டமிடல்.”

எண் இல்லாத வரியும் இதில் இருக்கிறது. அது பரவாயில்லை. ஐந்து நிமிடம் தொடர்ந்து கேள்வி கேட்டாலும் நின்று பதில் சொல்ல முடியாத எண்ணைப் போடுவதைவிட, அளவைக் காட்டும் விவரங்கள் (எத்தனை திரை, எவ்வளவு காலம், எத்தனை நாளுக்கொரு வெளியீடு) அதிக நம்பிக்கை தரும்.

பெயர் சொல்லக்கூடாத வேலை

2020 மே முதல் 2021 ஜூலை வரை இவர் ஒரு டிஜிட்டல் ஏஜென்சிக்காக வேலை செய்தார். மூன்று டெவலப்பர்கள் கொண்ட டீம், தினசரி ஸ்டாண்ட்அப், ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டையும் இன்னொருவர் பார்த்த பிறகே இணைப்பு. மற்றவர் கோடை இவரும் பார்த்திருக்கிறார். டீமில் வேலை செய்வாரா என்ற சந்தேகத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. ஆனால் பழைய ரெஸ்யூமேவில் தேதியும் டீமும் இல்லாமல் “இன்டராக்டிவ் தளங்கள்” என்று மட்டும் இருந்தது. காரணம், ஒப்பந்தத்தில் இருந்த ரகசியக் காப்பு விதி.

ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தோம். அது தடுத்தது ஏஜென்சியின் வாடிக்கையாளர் யார் என்பதையும், வெளியிடப்படாத வடிவமைப்புகளையும். ஏஜென்சிக்கு வேலை செய்ததைச் சொல்லக் கூடாது என்று எங்கும் இல்லை. இருந்தாலும் ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்பி, எழுதப்போகும் நான்கு வரிகளை அப்படியே காட்டி அனுமதி கேட்டார். ஒரு வார்த்தையை மட்டும் மாற்றச் சொல்லி ஒப்புக்கொண்டார்கள். இறுதி வாடிக்கையாளரை “சில்லறை வணிகத் துறையில் ஒரு பெரிய நிறுவனம்” என்று எழுதினோம். துறையும் அளவும் போதும். யாருக்கும் காட்டக்கூடாத ஸ்கிரீன்ஷாட்டை இன்டர்வியூவில் திறந்து காட்டுபவர், நாளை நம் ரகசியத்தையும் இப்படித்தான் காட்டுவார் என்ற எண்ணத்தை விதைத்துவிடுவார்.

இங்கே “துணை ஒப்பந்தப் பணி” என்பதைத் தெளிவாகப் போடுவது முக்கியம். அதை விட்டுவிட்டால் ஏஜென்சியின் ஊழியராக இருந்ததாகப் படிக்கப்படும், சரிபார்க்கும்போது பொய்யாகும். மூன்றாவது கிளையன்ட், ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் உள் முன்பதிவுக் கருவி. அதில் சிக்கல் எதுவும் இல்லை, நான்கு வரிகளில் முடிந்தது.

வேலை இல்லாத ஐந்து மாதம்

அட்டவணையில் 2021 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஒரு இன்வாய்ஸும் இல்லை, ஒரு கமிட்டும் இல்லை. குடும்பத்தில் ஒருவரைக் கவனித்துக்கொள்ள வேலையை முழுவதும் நிறுத்தியிருந்தார். 2018 முதல் 2024 வரை என்ற ஒரே தேதிக்குள் இது மறைந்துவிடும், எழுத வேண்டுமா என்று கேட்டார்.

ஃப்ரீலான்ஸில் ஒரு வேலைக்கும் அடுத்ததற்கும் இடையில் சில வாரங்கள், இரண்டு மாதங்கள்கூட, காலியாக இருப்பது தொழிலின் பகுதி. புதிய கிளையன்ட் தேடுவதும் வேலைதான், அதைத் தனியாகக் காட்டத் தேவையில்லை. ஐந்து மாதம் முழுக்க நிறுத்தியது வேறு. மாதவாரியாகச் சான்று கேட்கும் நிறுவனம் அதைக் கண்டுபிடிக்கும்போது, முன்பே சொல்லியிருந்தால் பிரச்சினையே இல்லாத ஒன்று மறைத்ததாகிவிடும். “2021 ஆகஸ்ட் – டிசம்பர்: குடும்பப் பொறுப்புக்காக இடைவெளி” என்று ஒரு வரி சேர்த்தோம். யாருக்கு என்ன நோய் என்று விளக்கவில்லை, அது யாருக்கும் தேவையில்லை. பின்னால் நடந்த இன்டர்வியூக்களில் இதைப் பற்றி யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை.

முழுநேர வேலைக்கு ஏன் வருகிறீர்கள் என்பதை மட்டும் எல்லோரும் கேட்டார்கள். ரெஸ்யூமேவின் மேல் பகுதியில் இரண்டு வாக்கியங்களில் இதைச் சொல்லியிருந்தோம்: ஒரே தயாரிப்பில் நீண்ட காலம், மற்ற டெவலப்பர்களோடு சேர்ந்து வேலை செய்ய விரும்புகிறார் என்றும், ரீடெய்னர் செப்டம்பரோடு ஒப்படைக்கப்படுகிறது என்றும். இரண்டாவது வாக்கியம் முதலாவதைவிட வலுவானது. விருப்பத்தை யாரும் சொல்லலாம். கிளையன்டை ஒப்படைக்கும் தேதியைச் சொல்பவர், பக்க வேலையாக அதைத் தொடரப்போவதில்லை என்று காட்டிவிட்டார்.

சரிபார்ப்புக்கான கோப்பு

புதிய ரெஸ்யூமே ஒன்றரைப் பக்கம். அதோடு, யாரும் கேட்பதற்கு முன்பே ஒரு கோப்பும் தயார் செய்தோம். ஊழியராக இருந்தவருக்கு அனுபவச் சான்றிதழும் ஹெச்.ஆர். தொலைபேசியும் இருக்கும். சுயதொழில் செய்தவருக்கு அந்த இடத்தில் எதுவும் இல்லாததால், வேலை உறுதியான பிறகும் சரிபார்ப்பில் வாரக்கணக்கில் நின்றுபோகும்.

கோப்பில், ரெஸ்யூமேவில் உள்ள மூன்று கிளையன்ட்களுக்கும் ஒப்பந்தத்தின் முதல் பக்கம், முதல் இன்வாய்ஸ், கடைசி இன்வாய்ஸ். தொகைகளைக் கருப்பு அடித்து மறைத்தோம், ஏனென்றால் புதிய சம்பளப் பேச்சில் பழைய கட்டணத்துக்கு இடமில்லை. எந்தெந்த ஆண்டுகளுக்கு வருமான வரிக் கணக்கு இருக்கிறது என்ற குறிப்பு ஒன்று, கேட்டால் மட்டும் தருவதற்கு. பரிந்துரைக்க இரண்டு பேர்: போர்ட்டலின் செயல்பாட்டு மேலாளரும், ஏஜென்சியில் இவர் கோடைப் பார்த்த மூத்த டெவலப்பரும். நிறுவன உரிமையாளரைப் போட நினைத்திருந்தார். உரிமையாளர் இவரைப் பாராட்டுவார், ஆனால் இவர் எப்படி வேலை செய்தார் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது. இருவரிடமும் முன்கூட்டியே பேசி, ரெஸ்யூமேவில் உள்ள தேதிகளையும் வரிகளையும் அனுப்பி வைத்தார்.

அது கடைசியில் உதவியது. சரிபார்ப்பு செய்த வெளி நிறுவனம் ஏஜென்சியை அழைத்தபோது, அங்கே கணக்குப் பிரிவு, முதல் பணம் போன தேதியை வைத்து 2020 ஜூன் என்று சொல்லிவிட்டது. ரெஸ்யூமேவில் மே. ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தை அனுப்பியதும், மே மாதத் தேதியைப் பார்த்து அன்றே முடித்துவிட்டார்கள்.

ரெஸ்யூமே மறைக்க முடியாதது

முதலில் இவர் டீம் லீட் வேலைகளுக்கே விண்ணப்பித்திருந்தார், ஆறரை ஆண்டு ஆயிற்றே என்று. தனியாகச் செய்த ஆண்டுகளை அப்படியே டீம் ஆண்டுகளாக எண்ண முடியாது. கிளையன்டிடம் பேசுவது, வேலையை மதிப்பிடுவது, சொன்ன தேதியில் முடிப்பது ஆகியவற்றில் இவர் பல மூத்த டெவலப்பர்களைவிட முன்னே இருந்தார். ஆட்டோமேட்டட் டெஸ்ட் எழுதுவதில் ஏறக்குறைய அனுபவமே இல்லை. எந்தக் கிளையன்டும் அதற்குப் பணம் தர முன்வரவில்லை. திறன்களின் பட்டியலில் டெஸ்டிங் கருவிகளின் பெயர்களைச் சேர்த்துவிடலாமா என்று யோசித்தார். சேர்க்க வேண்டாம் என்றேன். ஒரு நிறுவனம் இதையே காரணமாகச் சொல்லி இரண்டாம் சுற்றில் நிராகரித்தது.

பிறகு இடைநிலை டெவலப்பர் வேலைகளுக்கு அனுப்பத் தொடங்கினார், அழைப்புகள் வந்தன. எடுத்துக்கொண்ட நிறுவனத்தின் மேலாளர், பழைய கோடை ஏற்று நடத்திய போர்ட்டல் வரியைப் பற்றித்தான் அரை மணிநேரம் கேட்டாராம். டெஸ்ட் பற்றிக் கேட்டபோது, தெரியாது என்று சொல்லி, போர்ட்டலின் லாகின் ஓட்டத்துக்கு இன்று டெஸ்ட் எழுதினால் எந்தெந்த நிலைகளைச் சோதிப்பேன் என்று விளக்கியிருக்கிறார். வேலைக்கான கடிதத்தில் இடைநிலைப் பதவியும், முதல் மூன்று மாதத்தில் டெஸ்டிங்கில் ஒரு மூத்த டெவலப்பருடன் சேர்ந்து வேலை என்பதும் எழுதப்பட்டிருந்தன.